சிஎஸ்வி பாதி வரியில் நின்றுவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

*அண்ணே, விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடையில கணக்கு பார்க்கிறேன். பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து மாசாமாசம் சேல்ஸ் சிஎஸ்வி எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பணும். இந்த மாசம் மொத்தத் தொகை இடிக்குது. ஃபைல் முழுசா இறங்காம பாதியில நின்னிருக்குமோன்னு சந்தேகம். எக்ஸெல்ல திறந்தா எல்லாம் சரியாத்தான் தெரியுது. வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது?*

தம்பி, முதல் வேலையாக அந்த ஃபைலை எக்ஸெல்லில் திறந்து சேவ் செய்திருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். செய்திருந்தால் அந்தக் காப்பியை ஓரமாக வைத்துவிட்டு, சாஃப்ட்வேர் கொடுத்த ஒரிஜினலைத் தேடி எடுங்கள். எக்ஸெல் சிஎஸ்வியாகச் சேவ் செய்யும்போது கடைசி வரி உட்பட ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு வரிமுறிவை, அதாவது என்டர் தட்டினால் விழுமே அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை, தானே போட்டுவிடும். நாம் தேடப்போகிற தடயமே அந்த எழுத்து அங்கே இல்லாமல் இருப்பதுதான். அதை அழித்துவிட்டு அப்புறம் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

எக்ஸெல் ஏன் வாய் திறக்கவில்லை என்றால், சிஎஸ்வி என்கிற வடிவத்தில் "இதோடு முடிந்தது" என்று சொல்லும் எந்தக் குறியும் கிடையாது. ஒரு ஜிப் ஃபைல் பாதியில் அறுந்தால் திறக்கவே திறக்காது, ஏனென்றால் அதன் அட்டவணை கடைசியில்தான் இருக்கிறது. சிஎஸ்வி வெறும் எழுத்து வரிசை, எங்கே வெட்டினாலும் மிச்சம் இருப்பதும் சிஎஸ்விதான். கடைசி வரியில் நான்கு கட்டம் குறைந்தால் எக்ஸெல் அதைக் காலியாகக் காட்டிவிட்டுப் போய்விடும், ஒரு எச்சரிக்கைகூட வராது.

அதனால் நாம் பார்க்க வேண்டியது இரண்டு: ஃபைலின் கடைசி பைட் என்ன, வரிகளின் எண்ணிக்கை சாஃப்ட்வேர் சொல்லும் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே ஏமாற்றும், சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். எனக்கு நடந்ததைச் சொன்னால் புரியும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் கணக்கு வேலை செய்து கொடுத்தேன். விவசாயிகள் விடியற்காலையில் கொண்டுவரும் பூவை எடைபோட்டு பில் போடுவார்கள், மாதக் கடைசியில் அந்த மாத பில் எல்லாவற்றையும் சிஎஸ்வியாக எடுத்து எனக்கு அனுப்புவார்கள். ஒரு மே மாத ஃபைலில் மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் குறைந்தது. கடைக்காரர் கமிஷன் விகிதத்தில்தான் ஏதோ தப்பு என்று அடித்துச் சொன்னார். நானும் இரண்டு நாள் அந்தப் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் ஃபைலில் 31-ஆம் தேதி பில்கள் இருந்தன. கடைசித் தேதி வந்திருக்கிறதே, அப்புறம் என்ன குறையப்போகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்புதான் தப்பு. கடைசித் தேதி வந்திருக்கிறது என்றால் அந்தத் தேதி தொடங்கிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம்.

மூன்றாவது நாள்தான் ஃபைலின் வாலைப் பார்த்தேன்:

```
$ tail -n 2 may.csv
48213,2024-05-31,0417,உசிலம்பட்டி,மல்லி,6.500,3250.00
48214,2024-05-31,0082,திருமங்கலம்,பிச்சி,4.000,1
```

கடைசி வரியைக் கவனியுங்கள். ஏழு கட்டம் இருக்க வேண்டும், ஏழும் இருக்கிறது. கட்டங்களை எண்ணிப் பார்க்கும் எந்த நிரலும் இதைத் தப்பு என்று சொல்லாது. ஆனால் நான்கு கிலோ பிச்சிப்பூ ஒரு ரூபாய் என்று நிற்கிறது. உண்மையான பில் 1680.00. முதல் எழுத்தான 1 எழுதப்பட்டதும் ஃபைல் நின்றுவிட்டது. வெட்டு கடைசிக் கட்டத்துக்குள் விழுந்தால் இதுதான் ஆபத்து: தொகை குறைந்து நிற்கும், ஆனால் எண்ணாகவே நிற்கும். ஒரு தமிழ்ச் சொல் பாதியில் நின்றிருந்தால் கண்ணாவது உறுத்தும், பாதியில் நின்ற எண் உறுத்தவே உறுத்தாது.

கடைசி பைட்டைப் பார்த்தேன்:

```
$ tail -c 1 may.csv | xxd
00000000: 31                                       1
```

`31` என்பது 1 என்ற எழுத்தின் குறியீடு. ஒழுங்காக முடிந்த ஃபைலாக இருந்தால் அங்கே `0a` வந்திருக்கும், அதுதான் வரிமுறிவு. அதே கடையின் முந்தைய நான்கு மாத ஃபைல்களையும் இதே மாதிரி பார்த்தேன், நான்கிலும் `0a`. இந்த ஒப்பீட்டை விட்டுவிடாதீர்கள். சிஎஸ்விக்கு எல்லோரும் காட்டும் ஆர்எஃப்சி 4180 ஆவணமே, கடைசி வரிக்குப் பின்னால் வரிமுறிவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றுதான் சொல்கிறது. சில சாஃப்ட்வேர்கள் வரிகளுக்கு நடுவில் மட்டும் முறிவைப் போட்டு, கடைசியில் போடாமலே விடும். அப்படிப்பட்ட சாஃப்ட்வேரில் முறிவு இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சொல்லப்போனால் அங்கே தலைகீழ்: எப்போதும் முறிவு இல்லாமல் வரும் ஃபைல் ஒரு மாதம் மட்டும் முறிவோடு முடிந்தால், அடுத்த வரி எழுதவந்து எழுதாமல் நின்றுவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். ஆகவே உங்கள் சாஃப்ட்வேரின் வழக்கம் என்ன என்பதைப் பழைய நல்ல ஃபைல்களில் முதலில் பார்த்துவிடுங்கள்.

இப்போது எண்ணிக்கை. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன்.

```
$ wc -l may.csv
8583 may.csv
```

`wc -l` வரிகளை எண்ணுகிறது என்று சொல்வோம், ஆனால் அது உண்மையில் எண்ணுவது வரிமுறிவுகளை. முடிவில் முறிவு இல்லாத கடைசி வரி அதன் கணக்கில் வராது. ஆக 8583 என்பது தலைப்பு வரி ஒன்று, முழுமையான பில் 8582. அறுந்துபோன 48214-ஆம் பில் இதில் இல்லை. அதே ஃபைலை ஒழுங்கான சிஎஸ்வி நிரலில் கொடுத்துப் பதிவுகளை எண்ணச் சொன்னால், அது தலைப்பை விட்டுவிட்டு, அறுந்த வரியையும் ஒரு பதிவாகச் சேர்த்து, 8583 என்று சொல்லும். இரண்டு இடத்திலும் 8583! பார்க்கிறவருக்கு "ஆகா, பொருந்துகிறது" என்று தோன்றும். தலைப்பால் ஒன்று கூடியது, முறிவு இல்லாததால் ஒன்று குறைந்தது, இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரி மாதிரி நிற்கின்றன.

நல்ல ஃபைலில் இந்த இரண்டு எண்ணும் சமமாக இருக்கக் கூடாது. வரிமுறிவுகளின் எண்ணிக்கை பதிவுகளைவிட சரியாக ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும், அது தலைப்புக்கு. சமமாக இருந்தால் கடைசி வரி முறிவில்லாமல் நிற்கிறது என்று பொருள். இந்தக் கணக்கு, வழக்கமாக வரிமுறிவோடு முடிகிற, தலைப்பு வரி உள்ள, கட்டங்களுக்குள் என்டர் இல்லாத ஃபைலுக்கு. என்டர் உள்ள ஃபைலைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இவை இரண்டும் ஃபைலுக்குள்ளேயே பார்த்தவை. வெளியில் இருந்து ஒரு எண் வேண்டும், அது இல்லாமல் எத்தனை போயிற்று என்று தெரியாது. கடைக்காரரிடம் சொல்லி சாஃப்ட்வேரில் மே மாத பில் எண்ணிக்கையை எடுக்கச் சொன்னேன்: 8641. முழுமையாக வந்தது 8582, ஆக 59 பில்லுக்குக் கணக்கு இல்லை. ஒன்று ஒரு ரூபாயாக நிற்கிறது, 58 ஃபைலுக்கே வரவில்லை. எல்லாமே 31-ஆம் தேதியின் கடைசி பில்கள். தொகையைக் கூட்டினால் குறைந்த ஒரு லட்சத்துச் சொச்சம் வந்துவிட்டது, கமிஷன் விகிதம் பாவம் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஏன் 59 என்று கேட்டால், ஃபைலின் அளவே பதில் சொல்லியது. 729088 பைட். இதை 8192-ஆல் வகுத்தால் 89, மீதி பூஜ்யம். நிரல்கள் ஒவ்வொரு எழுத்தையும் உடனே டிஸ்கில் எழுதுவதில்லை, ஒரு பஃபரில் சேர்த்துவைத்து நிறைந்ததும் மொத்தமாகத் தள்ளும். அந்த பஃபர் பல இடங்களில் 4096 அல்லது 8192 பைட். கடைசியில் ஃபைலை முறையாக மூடினால்தான் பஃபரில் மிச்சம் இருப்பதும் டிஸ்குக்குப் போகும். மூடாமலே நிரல் செத்துவிட்டால் மிச்சம் காற்றோடு போய்விடும். ஃபைல் நிறைந்த பஃபர்களின் அளவில், வரிக்கு நடுவில், கச்சிதமாக நிற்கும். அந்தக் கடையின் ஒரு வரி சராசரியாக 85 பைட், 59 வரி சுமார் ஐயாயிரம் பைட், 8192-க்குள் அடங்குகிறது. எக்ஸ்போர்ட் கடைசிவரை ஓடியிருக்கிறது, கடைசி பஃபரை மட்டும் எழுதாமல் போயிருக்கிறது. ஒரு ஃபைல் தற்செயலாக 8192-இன் மடங்கில் முடிய 8192-இல் ஒரு வாய்ப்புதான், அதனால் மீதி பூஜ்யம் வந்தால் நான் அதைக் கிட்டத்தட்ட சாட்சியாகவே எடுத்துக்கொள்வேன். பூஜ்யம் வராவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. இணையம் வழியே இறக்கும்போது நேரம் கடந்து சர்வர் அறுத்துவிட்டால் எந்த அளவிலும் நிற்கும்.

சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவரிடம் அளவையும் வகுத்த கணக்கையும் சொன்னதும் அவருக்கே பிடிபட்டுவிட்டது. எக்ஸ்போர்ட் முடிகிற இடத்தில் ஃபைலை மூடுகிற வரி ஒரு நிபந்தனைக்குள் மாட்டிக்கொண்டிருந்ததாம்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். விண்டோஸ் என்று நினைக்கிறேன். பவர்ஷெல் திறந்து, ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்து இதை ஓட்டுங்கள்:

```
$b = [IO.File]::ReadAllBytes("D:\export\sales.csv")
$b[-1]
($b -eq 10).Count
$b.Length % 8192
(Import-Csv "D:\export\sales.csv").Count
```

முதல் எண் 10 என்றால் கடைசியில் வரிமுறிவு இருக்கிறது, மேலே பார்த்த `0a`-வைத்தான் பவர்ஷெல் சாதாரண எண்ணாக 10 என்று காட்டுகிறது. வேறு எதுவானாலும் இல்லை. இரண்டாவது வரிமுறிவுகளின் எண்ணிக்கை, `wc -l` செய்வதே. மூன்றாவது அந்த பஃபர் மீதி. நான்காவது பதிவுகள், தலைப்பு இல்லாமல். `Get-Content` வைத்து எண்ணச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் இந்த வேலைக்கு வேண்டாம், அது முறிவில்லாத கடைசி வரியையும் ஒரு வரியாக எண்ணிவிடும், நமக்கு வேண்டிய வித்தியாசமே மறைந்துபோகும். கட்டளை எல்லாம் வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும் என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து கடைசிக்குப் போங்கள். ஒழுங்காக முடிந்த ஃபைலில் கடைசி பில்லுக்குக் கீழே காலியாக ஒரு வரி எண் நிற்கும். அறுந்த ஃபைலில் கர்சர் கடைசி எழுத்தின் பக்கத்திலேயே நின்றுவிடும், கீழே போகாது. பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடுங்கள்.

பூக்கடையில் இல்லாத ஒரு சிக்கல் ஜவுளிக்கடையில் உண்டு: முகவரி. மொத்த வியாபாரத்தில் வெளியூர் பார்ட்டிகளின் முகவரியைப் போடும்போது, கதவு எண் ஒரு வரி, தெரு ஒரு வரி, ஊர் ஒரு வரி என்று கட்டத்துக்குள்ளேயே என்டர் தட்டியிருப்பார்கள். சிஎஸ்வியில் அந்த முகவரி மேற்கோள் குறிக்குள் மூன்று வரியாக வரும், பதிவு ஒன்றுதான், வரிமுறிவு மூன்று. அப்போது இரண்டாவது எண் பதிவுகளைவிட ஏகத்துக்குக் கூடுதலாக நிற்கும், "ஒன்று கூடுதல்" என்ற கணக்கும் செல்லாது. நூறு பில் குறைந்த ஃபைலில்கூட வரிமுறிவுகள் சாஃப்ட்வேர் சொல்லும் எண்ணிக்கையைத் தாண்டி நிற்கலாம், நீங்களும் குறையவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். அங்கே `Import-Csv` எண்ணிக்கையை மட்டும் நம்புங்கள், அதைத்தான் சாஃப்ட்வேரின் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இதில் ஒரு வெட்டு முகவரிக்கு நடுவில், திறந்த மேற்கோள் மூடப்படாமல் விழுந்தால் எப்படி இருக்கும்? சில நிரல்கள் கிடைத்தவரை போதும் என்று வாங்கிக்கொள்ளும். பைத்தானின் `csv` கூட இயல்பாக அப்படித்தான், `strict=True` கொடுத்தால்தான் `unexpected end of data` என்று கத்தும். போஸ்ட்கிரஸில் `COPY` செய்தால் `unterminated CSV quoted field` என்று நிறுத்திவிடும். இறுக்கமான ஏதாவது ஒன்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அந்த ஒரு ரூபாய்ப் பூ மாதிரியான வெட்டு இவை எதிலும் மாட்டாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

தமிழில் பில் போடுகிற கடைகளுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சலுகையையும் சொல்லிவிடுகிறேன். யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். பூக்கடை வரியில் பாதிக்கு மேல் ஊர்ப்பெயரும் பூவின் பெயரும்தான், அதனால் வெட்டு அங்கே விழ நல்ல வாய்ப்பு, விழுந்தால் மூன்றில் இரண்டு தடவை ஒரு குறியின் நடுவிலேயே விழும். அப்போது கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி மாதிரி ஒன்று தெரியும், அதைப் பார்த்தாலே முடிவு செய்துவிடலாம். ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் ஃபைலில் இந்த வசதி கிடையாது, எங்கே வெட்டினாலும் முழு எழுத்தாகத்தான் நிற்கும்.

சாஃப்ட்வேரிடம் வாங்கும் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். இன்றைக்கு வரை என்று கேட்காதீர்கள், கடை திறந்திருக்கும்போது பில் ஏறிக்கொண்டே இருக்கும், இல்லாத வித்தியாசத்தைத் தேடி அலைவீர்கள். முடிந்த மாதத்துக்கு முதல் தேதியும் கடைசித் தேதியும் கொடுத்து எடுங்கள். கேன்சல் ஆன பில்கள் எக்ஸ்போர்ட்டில் வருமா, பில் ரிஜிஸ்டரில் வருமா என்று பாருங்கள், ஒன்றில் வந்து ஒன்றில் வராமல் இருப்பது சகஜம். இன்னொன்று, உங்கள் எக்ஸ்போர்ட் ஒரு பில்லுக்கு ஒரு வரியா, பில்லில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரியா? ஜவுளியில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியானால் பில் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது வீண், சரக்கு வரிகளின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசி பைட் சோதனை கைவிடும் இடமும் உண்டு. சில சாஃப்ட்வேர்கள் ஆயிரம் ஆயிரம் வரியாக டேட்டாபேஸில் இருந்து எடுத்து எழுதும். நடுவில் இணைப்பு அறுந்தால் ஆயிரத்தின் முடிவிலேயே நிற்கும், வரி முழுசாக இருக்கும், முறிவும் இருக்கும், ஃபைல் பார்க்க அம்சமாக இருக்கும். அங்கே எண்ணிக்கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். `Import-Csv` எண் 6000, 7000 என்று முழு ஆயிரமாக வந்து நின்றால் சாஃப்ட்வேரின் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பழைய எக்ஸெல் வடிவம் வழியாக வந்து 65536 வரியில் நிற்பது வேறு கதை, அது அந்த வடிவத்தின் உச்சவரம்பு.

அறுந்தது உறுதியானால் கடைசி வரியை மட்டும் கையால் திருத்தி அனுப்பிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், அதற்குப் பின்னால் எத்தனை வரி போயிற்று என்பது ஃபைலில் எங்கும் இல்லை. மறுபடி எக்ஸ்போர்ட் எடுங்கள். முடிந்தால் மாதத்தை இரண்டாகப் பிரித்து, 15-ஆம் தேதி வரை ஒன்று, மீதி ஒன்று என்று எடுங்கள். நேரம் கடந்து அறுகிற வகையாக இருந்தால் சின்ன ஃபைல்கள் தப்பிவிடும். பஃபர் வகையாக இருந்தால் இரண்டுமே வாலறுந்து வரும், அப்போது சாஃப்ட்வேர்க்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.

மேலே உள்ள கட்டளைகள் கொடுக்கும் நான்கு எண்ணையும், சாஃப்ட்வேர் சொல்லும் சரக்கு வரி எண்ணிக்கையையும், பார்ட்டி பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுக் கடைசி இரண்டு வரியையும் எழுதுங்கள். எந்த வகை வெட்டு என்று பார்த்துச் சொல்கிறேன்.